புத்தகம் அச்சிடும் முன்: அச்சக விலைப்புள்ளியைத் தாள் தாளாகச் சரிபார்ப்பது எப்படி

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் சார்பில் முதல் தொகுப்பு நூலை அச்சிட்டபோது, அச்சகம் தந்த ஒற்றை வரி விலையை அப்படியே ஏற்றுக்கொண்டு 1000 பிரதிகளுக்குப் பணம் கட்டினேன். கைக்கு வந்தவை 962 பிரதிகள். காரணம் கேட்டபோது, ஒரே ஒரு ஃபாரத்தில், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கத் தொகுதியில், மட்டும் தாள்கள் அதிகம் கெட்டுப்போனதாகவும் மற்ற ஃபாரங்கள் எல்லாம் ஆயிரத்துக்கு மேல் இருந்ததாகவும் சொன்னார்கள். அந்த மற்ற ஃபாரங்களின் உபரித் தாள்கள் பைண்டிங் கூடத்தின் மூலையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றுக்கும் நாங்கள்தான் பணம் கொடுத்திருந்தோம்.

இரண்டாவது நூலுக்கு விலைப்புள்ளி வாங்கியபோது ஒவ்வொரு வரியையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். இது ஆஃப்செட்டில் அச்சாகும், உள்ளே ஒரே வண்ணமும் அட்டையில் நான்கு வண்ணமும் கொண்ட சாதாரணப் புத்தகத்துக்கான வழிமுறை. நூறு, இருநூறு பிரதிகளை டிஜிட்டலில் எடுப்பவர்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள் என்பதால், இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது. கீழே வரும் விலைகள் எனக்கு வந்த விலைப்புள்ளியில் இருந்தவை. காகித விலை அடிக்கடி மாறுவதால், நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்கின் முறையை மட்டுமே.

1. விலை கேட்கும் முன் புத்தகத்தின் அளவுகளை எழுத்தில் முடிவு செய்யுங்கள்

கணினியில் ஏ4 அளவில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் கோப்பின் பக்க எண்ணிக்கையைச் சொல்லி விலை கேட்காதீர்கள். புத்தகத்தின் உண்மையான அளவில் பக்க வடிவமைப்பை முடித்து, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம், பொருளடக்கம் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணிய பிறகுதான் அச்சகத்துக்குச் செல்ல வேண்டும். எங்கள் நூலின் விவரம் இது: டெம்மி 1/8 அளவு, அதாவது வெட்டி முடித்த பின் 5.5 × 8.5 அங்குலம், 176 பக்கங்கள், உள்ளே 70 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள மேப்லித்தோ காகிதம், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேலே லேமினேஷன், முதுகைப் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங், 1000 பிரதிகள்.

இதே விவரத்தை மூன்று அச்சகங்களிடம் எழுத்தில் கொடுத்து, காகிதம், பிளேட் எனும் அச்சுத் தகடு, அச்சு, அட்டை, லேமினேஷன், பைண்டிங் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாகத் தரும்படி கேளுங்கள். தாள்களின் அளவும் எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் தரும் விலைப்புள்ளியைச் சரிபார்க்க வழியே இல்லை. ஜிஎஸ்டியும் வண்டி வாடகையும் தொகையில் அடங்கியுள்ளனவா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

2. ஒரு புத்தகத்துக்கு எத்தனை தாள் என்று கணக்கிடுங்கள்

இங்கே மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். கடையில் வாங்கும் பெரிய தாளை முழுத்தாள் என்று சொல்கிறேன். அதை வெட்டி மடித்தால் கிடைக்கும் ஒவ்வொரு துண்டும் ஓர் ஏடு. ஓர் ஏட்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பக்கங்கள்.

டெம்மி 1/8 நூலுக்குப் பரவலாகப் பயன்படும் முழுத்தாளின் அளவு 23 × 36 அங்குலம். இருபத்துமூன்றை நான்காகப் பிரித்தால் 5.75, முப்பத்தாறை நான்காகப் பிரித்தால் 9. ஆகவே ஒரு முழுத்தாளில் 16 ஏடுகள், அதாவது 32 பக்கங்கள் கிடைக்கும். ஏட்டின் அளவுக்கும் நூலின் இறுதி அளவுக்கும் இடையில் உள்ள கால் அங்குலமும் அரை அங்குலமும் பைண்டிங்கிலும் ஓரம் வெட்டுவதிலும் போய்விடும். எனவே அந்த இடைவெளி இல்லாத தாளளவை யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

எங்கள் வேலை நடந்த அச்சகத்தின் இயந்திரம் முழுத்தாளை அச்சிடுவதன்று. தாளைப் பாதியாக வெட்டி, 18 × 23 அங்குல அரைத்தாளாகத்தான் ஓட்டுவார்கள். ஓர் அரைத்தாளின் இரு புறமும் சேர்ந்து 16 பக்கங்கள் வரும். அச்சகத்தில் ஒரு ஃபாரம் என்று சொல்வது இதைத்தான். 176 பக்கங்களை 16 ஆல் வகுத்தால் சரியாக 11 ஃபாரம் வருகிறது. ஒரு புத்தகத்துக்கு 11 அரைத்தாள், அதாவது ஐந்தரை முழுத்தாள். ஆயிரம் புத்தகத்துக்குக் கழிவு சேர்க்காமல் 5500 முழுத்தாள். ஒரு ரீமுக்கு 500 தாள் என்பதால் 11 ரீம்.

உங்கள் நூல் 178 பக்கம் என்றால், அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்தைத் தொட வேண்டியிருக்கும். ஓரிரு பக்கங்களைச் சுருக்கி 176க்குள் அடக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் 184 பக்கத்துக்குத் திட்டமிடுங்கள். அப்போது கடைசி 8 பக்கங்களை ஒரே பிளேட்டில் வைத்து, தாளின் ஒரு புறம் அச்சிட்டபின் அதைத் திருப்பிப் போட்டு அதே பிளேட்டில் மறுபுறமும் அச்சிட்டு நடுவில் வெட்டினால், ஒரு அரைத்தாளில் இரண்டு பிரதிகளுக்கான பக்கங்கள் கிடைத்துவிடும். இப்படிச் செய்யும் அரை ஃபாரத்துக்கு ஒரு பிளேட்டும் 500 அரைத்தாளும் கழிவும்தான் தேவை. விலைப்புள்ளியில் இரண்டு பிளேட்டும் ஆயிரம் அரைத்தாளும் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

3. கழிவைச் சதவீதமாக மட்டும் பார்க்காதீர்கள்

எனக்கு வந்த விலைப்புள்ளியில் "கழிவு 10%" என்று ஒரு வரி இருந்தது. 5500 தாளுக்கு 550 சேர்த்து 6050 தாள். அது 12 ரீமைவிட வெறும் 50 தாள் அதிகம் என்பதால் 13 ரீம் என்று போட்டிருந்தார்கள். அதாவது, 50 தாளுக்காக ஒரு முழு ரீமின் விலை எங்கள் தலையில் ஏறியிருந்தது.

கழிவு எங்கே உண்டாகிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பத்து சதவீதம் நியாயமா என்று சொல்ல முடியும். பிளேட்டை மாட்டியதும் மையும் தண்ணீரும் சமநிலைக்கு வரும்வரை, பக்கங்கள் நேராக அமையும்வரை, சில பத்துத் தாள்கள் கெடும். இது பிளேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் நடக்கும். நீங்கள் ஐந்நூறு அச்சிட்டாலும் ஐயாயிரம் அச்சிட்டாலும் இந்த எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பிறகு ஓட்டத்தில் இரட்டைத் தாள் இழுப்பது, மை தீற்றுவது, மடிக்கும்போது கோணுவது, பைண்டிங்கில் கிழிவது என்று கெடுபவை பிரதி எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடும். முதலாவதை எண்ணிக்கையாகவும் இரண்டாவதைச் சதவீதமாகவும் கேட்க வேண்டும்.

அச்சகத்தாரிடம் இப்படிப் பிரித்துக் கேட்டபோது, ஒரு வண்ண வேலைக்கு ஃபாரம் ஒன்றுக்கு இரு புறமும் சேர்த்துத் தொடக்கக் கழிவு 40 அரைத்தாள், அதன்பின் ஓட்டத்திலும் பைண்டிங்கிலும் 2% என்று ஒப்புக்கொண்டார். ஆயிரம் பிரதிக்கு இது ஃபாரத்துக்கு 40 + 20, ஆக 60 தாள். 1060 ஐ 11 ஆல் பெருக்கினால் 11,660 அரைத்தாள், முழுத்தாளில் 5830. இது 12 ரீமுக்குள் அடங்கி 170 தாள் மிஞ்சுகிறது. பழைய இயந்திரமாக இருந்தால் தொடக்கக் கழிவு கூடலாம். அவர் அறுபது என்று சொன்னாலும் நான் மறுத்திருக்க மாட்டேன். ஆனால் இதே முறையில் மூவாயிரம் பிரதிக்குக் கழிவு 40 + 60, அதாவது நூறு தாள்தான், சதவீதத்தில் 3.3 மட்டுமே. அங்கும் பத்து சதவீதம் போட்டால் அது மிகை என்று தயங்காமல் சொல்லலாம்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. கழிவை மிகவும் குறைத்து விலையைக் கீழே காட்டும் அச்சகத்தில் பிரதிகள் குறையும். ஒரு புத்தகத்துக்கு 11 ஃபாரமும் வேண்டும் என்பதால், பத்து ஃபாரங்கள் 1040 இருந்து ஒன்று மட்டும் 962 இருந்தால், கிடைப்பது 962 புத்தகம்தான். முதல் நூலில் எங்களுக்கு நேர்ந்தது இதுவே. ஆகவே, பைண்டிங் தொடங்கும் முன் ஒவ்வொரு ஃபாரத்திலும் எத்தனை நல்ல தாள் தேறியது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். குறையும் ஃபாரத்தை மிஞ்சிய தாளில் அப்போதே மறுபடி ஓட்டிவிடலாம். பிளேட் இயந்திரத்தின் பக்கத்திலேயே இருக்கும். பைண்டிங் முடிந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

4. ரீமின் எடையைச் சரிபாருங்கள்

காகிதம் எடைக்குத்தான் விலையாகிறது. ஆகவே ரீமின் எடை தெரிந்தால் விலையும் தெரியும், ஜிஎஸ்எம் குறைத்துப் போடுகிறார்களா என்பதும் தெரியும். தாளின் நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 3100 ஆல் வகுத்தால் 500 தாள் ரீமின் எடை கிலோவில் கிடைக்கும். 23 × 36 × 70 ஐ 3100 ஆல் வகுத்தால் 18.7 கிலோ. கிலோ 80 ரூபாய் என்றால் ரீம் ஏறக்குறைய 1500 ரூபாய். இதே அளவில் 60 ஜிஎஸ்எம் தாள் 16 கிலோதான் இருக்கும்.

புத்தகம் கைக்கு வந்த பிறகும் இதைச் சோதிக்க முடியும். எங்கள் நூலில் 88 ஏடுகள். 70 ஜிஎஸ்எம் என்றால் உள்தாள் மட்டும் ஏறக்குறைய 186 கிராம், அட்டை 19 கிராம், ஆக 205 கிராமும் அதற்கு மேல் பசைக்கும் லேமினேஷனுக்கும் சில கிராமும். 60 ஜிஎஸ்எம் போட்டிருந்தால் 180 கிராமை ஒட்டி நிற்கும். ஒரு புத்தகத்தை வைத்துப் பார்ப்பதைவிட, பத்துப் புத்தகங்களை மளிகைக் கடைத் தராசில் ஒன்றாக நிறுத்துப் பத்தால் வகுப்பது நல்லது. ஐந்து, பத்து கிராம் வித்தியாசம் ஈரப்பதத்தாலும் ஆலைக்கு ஆலை வரும் மாறுபாட்டாலும் ஏற்படுவதுதான். இருபத்தைந்து கிராம் குறைந்தால் கேட்க வேண்டும்.

5. ஒரு தாளில் எத்தனை அட்டை என்பதை வரைந்து பாருங்கள்

விலைப்புள்ளியில் நான் மிகுந்த நேரம் செலவிட்ட வரி இதுதான். முதலில் அட்டையின் விரித்த அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் 88 ஏடுகளின் தடிமன் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர், அதாவது 0.31 அங்குலம்; அதுவே முதுகின் அகலம். முன், பின், முதுகு மூன்றும் சேர்ந்து 11.31 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். ஓரம் வெட்டுவதற்காக நான்கு புறமும் அரைக்கால் அங்குலம் வண்ணத்தை நீட்டினால் 11.56 × 8.75. தாளில் இடம்பிடிப்பது இந்த அளவுதான். வெட்டி முடித்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால் தவறிவிடும்.

விலைப்புள்ளியில் அட்டைக்கும் 23 × 36 போர்டையே எழுதி, தாளுக்கு 4 அட்டை என்று போட்டிருந்தார்கள். 36 இல் 8.75 நான்கு முறை செல்லும். 23 இல் 11.56 இரண்டு முறை சென்றால் எட்டு கிடைத்திருக்கும். ஆனால் இரண்டுக்கு 23.12 அங்குலம் தேவை. அரைக்கால் அங்குலத்தில் நான்கு அட்டைகள் போய்விட்டன. அடுத்த அளவான 25 × 36 போர்டில் இரண்டும் தாராளமாக அமர்ந்து, தாளுக்கு 8 அட்டை வருகிறது. தாளின் பரப்பு ஒன்பது சதவீதம்கூடக் கூடவில்லை. கிடைக்கும் அட்டையோ இரு மடங்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 23 × 36 இலேயே அட்டையைத் திருப்பி வைத்தால் 36 இல் 11.56 மூன்று, 23 இல் 8.75 இரண்டு என்று 6 வருகிறதே என்று நான் பெருமிதத்தோடு கேட்டேன். வெட்டும் இயந்திரத்தில் நின்றவர் பதில் சொல்லாமல் ஒரு துண்டு போர்டை என் கையில் கொடுத்து, "ரெண்டு பக்கமும் வளைச்சுப் பாருங்க சார்" என்றார். ஒரு திசையில் எளிதாக வளைந்தது. மறு திசையில் விறைத்து, அழுத்தி மடித்ததும் மேற்பரப்பு வெடித்து வெள்ளைக் கீறல் தெரிந்தது. போர்டில் நார்கள் ஒரு திசையில் ஓடுகின்றன. எங்கள் போர்டில் அவை 36 அங்குலப் பக்கத்தோடு ஓடின. முதுகின் மடிப்பு அந்த நாரோட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். தாளுக்கு ஆறு என்ற அமைப்பில் அது குறுக்காக விழுந்து, நாளடைவில் முதுகு வெடிக்கும். 25 × 36 இல் எட்டு வைக்கும் அமைப்பில் நூலின் உயரம் 36 அங்குலப் பக்கத்தோடு செல்வதால் நாரோட்டமும் சரியாக அமைகிறது. ஆகவே, தாளுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டதும், நாரோட்டம் எந்தத் திசையில் என்று கேட்காமல் முடிவு செய்துவிடாதீர்கள்.

இயந்திரத்தின் பிடிமானத்துக்கும் இடம் வேண்டும். 18 × 25 அரைத்தாளில் நான்கு அட்டைகள் வைத்தால் 18 அங்குலத் திசையில் அரை அங்குலமே மிஞ்சுகிறது. கிரிப்பர் பிடிக்க எங்கள் அச்சகத்தில் அது போதுமானதாக இருந்தது. உங்கள் அச்சகத்தின் இயந்திரம் அந்தத் தாளளவை ஏற்குமா, கிரிப்பருக்கு எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அட்டைக்குத் தேவை 250 நல்ல அரைத்தாள். நான்கு வண்ணம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை உள்பக்கத்தைவிட அதிகம் கெடும் என்பதால் 80 அரைத்தாள் கழிவுக்கு ஒத்துக்கொண்டோம். ஆக 330 அரைத்தாள், 165 முழுத்தாள். விலைப்புள்ளியில் இருந்தது 300 முழுத்தாள்.

6. ஒரு பிரதியின் விலையைக் கட்டியெழுப்புங்கள்

முதலில் வந்த விலைப்புள்ளி இது: உள்தாள் 13 ரீம் 19,500, பிளேட் 22க்கு 5,500, உள் அச்சு 6,600, அட்டை போர்டு 300 தாள் 4,800, அட்டையின் பிளேட்டும் அச்சும் 3,400, லேமினேஷன் 2,000, மடிப்பும் பைண்டிங்கும் 8,000. மொத்தம் 49,800 ரூபாய், பிரதிக்கு 49.80.

இதில் பிளேட் எண்ணிக்கை சரி. 11 ஃபாரத்துக்கு இரு புறமும் சேர்த்து 22தான். உள் அச்சு, பிளேட் ஒன்றுக்கு முதல் ஆயிரத்துக்கு 300 ரூபாய் வீதம் போடப்பட்டிருந்தது. கழிவோடு சேர்த்து 1060 ஓடுவதைக் காட்டி இரண்டாவது ஆயிரத்துக்கும் கூலி கேட்கும் இடங்கள் உண்டு. எங்கள் விலைப்புள்ளியில் அது இல்லை. அட்டைத் தாள் குறைந்ததால் அட்டை அச்சுக் கூலி குறையவில்லை, ஏனெனில் 330 ஓடினாலும் 600 ஓடினாலும் குறைந்தபட்சக் கூலி ஒன்றே. மாறியவை இரண்டு வரிகள் மட்டும்: உள்தாள் 12 ரீம் 18,000, போர்டு 165 தாள், தாள் 17.50 வீதம் ஏறக்குறைய 2,890. புதிய மொத்தம் 46,390 ரூபாய், பிரதிக்கு 46.39.

வகுக்கும் எண் எது என்பதில் கவனம் வேண்டும். 970 நல்ல பிரதிகள் மட்டும் வந்தால் அதே தொகையில் பிரதி 47.82 ஆகிவிடும். "1000 நல்ல பிரதிகள், குறைந்தால் குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்பத் தொகை கழிக்கப்படும்" என்று ஒப்புதல் கடிதத்தில் எழுதினோம்.

இரண்டாயிரம் அடித்தால் விலை குறையும் என்று சொல்வார்கள்; அது உண்மைதான். இதே முறையில் கணக்கிட்டபோது 2000 பிரதிக்கு 81,760, பிரதிக்கு 40.88 வந்தது. ஆனால் ஆயிரம்தான் விற்கும் என்றால், விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் நீங்கள் செலவிட்டது 81.76 ரூபாய். நாங்கள் ஆயிரத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

7. காலமும் கட்டணத் தவணையும்

விலைப்புள்ளி எத்தனை நாள் செல்லும் என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். எங்களுக்குப் பத்து நாள் தந்தார்கள். மெய்ப்பில் கையெழுத்திட்ட பிறகுதான் பிளேட் போட வேண்டும். அதன்பின் ஒரு பக்கம் மாறினாலும் ஒரு பிளேட் செலவு உங்களுடையது. முதுகின் அகலத்தை முடிவு செய்யும் முன், அதே காகிதத்தில் 88 வெற்று ஏடுகளைச் சேர்த்து ஒரு டம்மி செய்து தரச் சொல்லி அளந்து பார்த்தோம். அட்டைக் கோப்பை அதற்குப் பிறகே முடித்தோம்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால், நவம்பர், டிசம்பர் மாதங்களில் அச்சகங்களிலும் பைண்டிங் கூடங்களிலும் நெருக்கடி மிகுதி. அப்போது ஃபாரத்தை எண்ணிக் காட்டு என்று கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. நாங்கள் செப்டம்பரில் கொடுத்தோம். தொகையில் பாதியை முன்பணமாகவும், கால் பங்கை ஃபாரக் கணக்கைப் பார்த்த பிறகும், மீதியைப் புத்தகங்களை எண்ணி, பத்தை நிறுத்துப் பார்த்த பிறகும் தருவதாகப் பேசிக்கொண்டோம். ஏழாவது ஃபாரத்தில் 991 தான் தேறியிருந்தது. மிஞ்சிய தாளில் மாலையே இன்னும் முப்பது ஓட்டினார்கள். வந்து சேர்ந்தவை 1004 புத்தகங்கள்.